கலங்கிய டம்ளரும் நுகர்வோர் மன்றமும்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தின் பொறுப்பாசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

இந்த மாத நுகர்வோர் மன்றக் கூட்டத்தில், எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் நிதானமாக பிராண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்று 20 நிமிடம் பேச என்னை அழைத்திருந்தீர்கள். இப்போது அந்தப் பேச்சை எடுத்துவிட்டு, அதே நேரத்தைத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒரு விற்பனையாளரின் 'இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை முகாமுக்கு'க் கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவர வேண்டும், கூடவே அப்பா அம்மாவின் கைப்பேசி எண்ணை ஒரு படிவத்தில் எழுதி வர வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் கொண்டுவந்த படிவம் என் முன்னால்தான் இருக்கிறது. அதில் பள்ளியின் பெயர் மேலே, அந்த பிராண்டின் முத்திரை அதைவிடப் பெரிதாகக் கீழே.

என் பேச்சு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த இடத்தில் எது வருகிறது என்பதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம். ஒரு நுகர்வோர் மன்றம் செய்யவே கூடாத ஒன்று இருக்கிறதென்றால், அது ஒரே ஒரு பிராண்டை மேடையேற்றிவிட்டு மற்ற எதையும் பேசாமல் விடுவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைப்பதும் இதே தொழிலில்தான். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் வாட்டர் பியூரிஃபையர் பழுது பார்க்கிறேன், ஃபில்டர் மாற்றுகிறேன். இயந்திரம் அதிகம் விற்றால் எனக்கும் வேலை அதிகம். அதனால் போட்டி பொறாமையில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த மடலால் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

அந்த முகாமில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் தெருவில் அது நடந்து முடிந்துவிட்டது. மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர் வைப்பார்கள். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் இயந்திரத்தின் தண்ணீர். இரண்டுமே பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். பிறகு நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய கருவியை எடுத்து, டம்ளருக்கு இரண்டு கம்பி என்று இறக்கி, பிளக்கைச் செருகுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் வீட்டுத் தண்ணீரில் பச்சையும் பழுப்புமாக ஏதோ திரள ஆரம்பிக்கும், நுரை தட்டும், கடைசியில் சாக்கடைபோல் ஆகிவிடும். அவர்கள் டம்ளர் மட்டும் அப்படியே தெளிவாக நிற்கும். "இதைத்தான் இத்தனை நாளா உங்க பிள்ளைக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தீங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்கள். அதற்கப்புறம் அவர்கள் எதுவும் சொல்லத் தேவையே இல்லை.

அந்தக் கலங்கல் தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது. டம்ளருக்குள் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான் மின்சாரத்தைக் கடத்துகின்றன. கால்சியம், மெக்னீசியம், சாதாரண சோடியம் உப்பு எதுவாக இருந்தாலும் சரி. மின்சாரம் ஓடியதும் இரும்புக் கம்பி அரித்துக் கரைந்து துருவாகத் திரளுகிறது. அவர்கள் விற்பது ஆர்.ஓ., அதாவது மெல்லிய சவ்வு வழியாக உப்பை வடிகட்டி எடுக்கும் இயந்திரம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, கம்பி கரையாது. அவ்வளவுதான் சங்கதி. கிருமி இருக்கிறதா, காரீயம் இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்பதைப் பற்றி அந்தக் கலங்கல் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

பள்ளி ஆய்வகத்திலேயே இதை உடைத்துக் காட்டலாம். தெளிவாக நின்ற அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடியும் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். இளநீரில் இறக்கினாலும் கலங்கும். இளநீரை யாராவது சாக்கடை என்று சொல்வார்களா? வேதியியல் ஆசிரியர் பத்து நிமிடத்தில் நடத்திவிடக்கூடிய மின்னாற்பகுப்புப் பாடம் இது. சில கருவிகள் நேராக வீட்டு மின்சாரத்திலேயே செருகப்படுகின்றன என்பதால், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் ஆசிரியர் குறைந்த வோல்ட் சப்ளையில் செய்துகாட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இந்த டெமோவைப் பார்த்துத்தான் மாதத் தவணையில் ஆர்.ஓ. வாங்கினார். "தண்ணி கலங்குனதைக் கண்ணால பார்த்துட்டேன் தம்பி, அப்புறம் எப்படி அதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறது?" என்றார். அவர் வீட்டில் வருவது மெட்ரோ தண்ணீர். நான் மீட்டர் வைத்தபோது, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். 300-க்கும் கீழே இருந்தது. ஆர்.ஓ. தேவைப்படும் தண்ணீரே இல்லை. வாரண்டி முடிந்ததும் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் போனது, மாற்றும் செலவைக் கேட்டவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு கேன் தண்ணீருக்குப் போய்விட்டார். தவணை மட்டும் நிற்கவில்லை.

இந்த டி.டி.எஸ். என்ற எண்ணை வைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு அது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. மீட்டரில் வரும் எண் கரைந்த உப்பின் அளவைத்தான் ஏறக்குறையச் சொல்லும். தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து அது கணக்குப் போடுகிறது, வேறொன்றும் அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் 300 காட்டும், நல்ல தண்ணீரிலும் 300 காட்டும்.

வடசென்னையில் இது ரொம்ப முக்கியம். நம்மில் பல வீடுகளில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுகின்றன. மெட்ரோ தண்ணீரும் எப்போதும் ஒரே மாதிரி இல்லை. புழல் ஏரித் தண்ணீர் வரும், மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீரும் வரும், கோடையில் லாரியும் வரும். அதனால் பக்கத்து வீட்டுக்கு எது சரியோ அது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கட்டடத்தில் கீழ் வீட்டில் 350, மாடியில் போர் மோட்டார் தண்ணீர் 1,200 என்று பார்த்திருக்கிறேன். அந்த மாடி வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டும், கீழ் வீட்டுக்கு வேண்டாம். முகாமில் இரண்டு வீட்டுக்கும் ஒரே இயந்திரத்தைத்தான் விற்பார்கள்.

என் பேச்சை இந்த இடத்தில்தான் தொடங்குவதாக இருந்தேன். பிராண்டை ஒப்பிடுவது கடையில் ஆரம்பிக்கிற வேலை இல்லை. நம் வீட்டுக்கு என்ன தேவை என்று ஒரு தாளில் எழுதுவதில் ஆரம்பிக்கிறது. சமையலறைக் குழாயில் சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்டு அப்புறம் டி.டி.எஸ். பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்த்தால் நல்லது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் பாட்டில் என்று ஒரு மலிவான சோதனை இருக்கிறது. அதில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும், கறுத்துப்போனால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். மழைக்குப் பிறகு குழாயில் வாடை வருகிறது என்று புலம்பும் வீடுகளுக்கு டி.டி.எஸ். மீட்டரைவிட இந்த பாட்டில்தான் முக்கியம்.

உப்பு குறைவு, கிருமிப் பயம் மட்டும்தான் என்றால் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும். அது சிரமம் என்றால் ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு வைத்த சாதாரண இயந்திரம் போதும். ஆனால் யு.வி. வேலை செய்ய வேண்டுமென்றால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், அதனால் முன்னால் நல்ல ஃபில்டர் வேண்டும். உப்பு 500-ஐத் தாண்டி வாயில் கரித்தால்தான் ஆர்.ஓ.-வைப் பற்றி யோசிக்க வேண்டும். மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளை ஒட்டி போர் தண்ணீர் குடிப்பவர்களுக்கு மட்டும் இந்த எளிய கணக்கு போதாது. உலோகங்கள் இருக்கிறதா என்பதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் சொல்ல முடியும், பள்ளி மேஜையில் சொல்ல முடியாது.

தேவையில்லாமல் ஆர்.ஓ. வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். தண்ணீர் குறையும். வீட்டு ஆர்.ஓ. பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் அளவில் வெளியே போவதை நான் அளந்திருக்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 15 லிட்டர் எடுக்கிற வீட்டில் 45 லிட்டர் சாக்கடைக்கு. ஏறக்குறைய மூன்று குடம். லாரி வரும் நாளில் அந்த மூன்று குடத்துக்காக நம் பெண்கள் தெருவில் எப்படி நிற்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே உப்பு குறைந்த தண்ணீரை ஆர்.ஓ.-வில் விட்டால் சப்பென்று ஆகிவிடும். அதைச் சரிசெய்ய மினரல் கார்ட்ரிட்ஜ் என்று இன்னொன்றை விற்பார்கள்.

சரி, உண்மையிலேயே ஆர்.ஓ. தேவைப்படும் வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த மாடி வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தேன். பிராண்டுகளின் பெயர் இல்லாமல், கடைக்குக் கடை மாறும் விலையைத் தோராயமாக வைத்துப் போட்டது.

முதல் இயந்திரம் 11,000 ரூபாய். ஒரு வருட வாரண்டி. அதற்கப்புறம் வருட சர்வீஸ் ஒப்பந்தம் 3,800, ஆனால் அதில் மெம்பிரேன் சேராது. ஐந்து வருடத்தில் மெம்பிரேனை இரண்டு முறை மாற்றுவதாக வைத்தால் 5,000. இரண்டாவது இயந்திரம் 15,500 ரூபாய். அதன் ஒப்பந்தம் வருடத்துக்கு 3,500, மெம்பிரேனும் அதிலேயே அடக்கம். கடையில் நிற்கும்போது முதலாவது 4,500 ரூபாய் மலிவு. ஐந்து வருடக் கணக்கு போட்டால் முதலாவது 11,000, நான்கு வருட ஒப்பந்தம் 15,200, மெம்பிரேன் 5,000, ஆக 31,200. இரண்டாவது 15,500, அதற்கும் நான்கு வருட ஒப்பந்தம் 14,000, ஆக 29,500. மலிவாகத் தெரிந்ததுதான் கடைசியில் அதிகம் தின்கிறது. டெமோவில் இந்தக் கணக்கு வராது. வரவும் விடமாட்டார்கள், "இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்று சொல்வதே இந்தக் கணக்கைப் போட நேரம் கொடுக்காமல் இருப்பதற்குத்தான்.

வித்தியாசம் வெறும் 1,700 ரூபாய்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். இந்த அளவு நெருங்கி வந்தால் விலையை விட்டுவிட்டு, ஃபில்டர் யாரிடம் கிடைக்கும் என்று பார்க்கச் சொல்வேன். சில இயந்திரங்களில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொதுவான அளவு ஃபில்டரைப் போடலாம். சிலவற்றில் அந்த கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் மட்டுமே உட்காரும், மற்றதைச் செருகவே முடியாது. பின்னதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் அவர்கள் சொல்வதுதான் விலை, அவர்கள் வரும் நாள்தான் நாள். என் அனுபவத்தில் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் இயந்திரங்களில் நிறைய இந்த ரகம்தான்.

உள்ளூரில் பாகங்களை வாங்கிப் பூட்டித் தரும் அசெம்பிள் செட் பாதி விலைக்கே கிடைக்கும். நானும் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். பூட்டியவர் பக்கத்திலேயே இருக்கிறார், பில் கொடுக்கிறார் என்றால் அது மோசமில்லை. பில் இல்லாமல் வாங்கினால் யாரையும் எதுவும் கேட்பது கஷ்டம்.

பெட்டிமேல் அச்சடித்திருப்பதைப் படிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைத்திருந்தேன். "9 ஸ்டேஜ்" என்பதில் ஒன்றும் இல்லை, கார்பன் ஃபில்டரை இரண்டாகவும் மினரல் கார்ட்ரிட்ஜை ஒன்றாகவும் எண்ணினால் ஸ்டேஜ் ஏறிக்கொண்டே போகும். "8 லிட்டர்" என்று பெரிதாகப் போட்டிருப்பது டேங்கின் கொள்ளளவு, ஒரு மணி நேரத்தில் சுத்திகரிக்கும் அளவு இல்லை. வாரண்டி அட்டையில் 'இன்லெட் டி.டி.எஸ்.' என்று, உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு வரம்பு இருக்கும். உங்கள் போர் தண்ணீர் அதைத் தாண்டினால் மெம்பிரேன் போகும்போது கைவிரித்துவிடுவார்கள். ஃபில்டர்கள் தேய்மானப் பொருள், வாரண்டியில் சேராது என்று அதே அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். வெளியேறும் தண்ணீர் எவ்வளவு என்று கடையில் கேட்டால் பலருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்தைக் காட்டச் சொல்லி, நல்ல தண்ணீர்க் குழாயின் கீழ் ஒரு பாத்திரம், கழிவுக் குழாயின் கீழ் ஒரு பாத்திரம் வைத்துப் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

நிதானம் என்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். டெமோ பார்த்த அன்றைக்கு முன்பணம் கொடுக்காதே. மூன்று இடத்தில் ஒரே கேள்விகளைக் கேள், பதிலை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுது. ஒரு விற்பனையாளர் பதிலைத் தாளில் எழுதித் தர மறுத்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடு. வெறும் கட்டம் அதிகமுள்ள பிராண்டு தானாகவே கீழே போய்விடும்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது என்பதையும் சொல்வதாக இருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் கையில் பில் இருந்தால்தான் வலு, வாய்ப்பேச்சில் சொன்னதை அங்கே நிரூபிப்பது கஷ்டம். இட்லிக் கடை அக்காவிடம் இருப்பது தவணை ரசீது மட்டும். 'உங்கள் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை' என்று சொன்னதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, இருந்ததெல்லாம் அந்தக் கலங்கிய டம்ளர். அதைக் கீழே ஊற்றிவிட்டார்கள்.

ஐயா, அந்த விற்பனையாளர் பள்ளிக்கு ஒரு இயந்திரத்தை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். பள்ளிக்குக் குடிநீர் வசதி தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலையாக முந்நூறு நானூறு வீட்டுக் கைப்பேசி எண்கள் போகின்றன. எண்ணைப் பெறுவதைவிட மோசமானது, பள்ளியில் சொன்னார்கள் என்ற நம்பிக்கையையும் சேர்த்து அவர்கள் எடுத்துக்கொண்டு போவது. "உங்க பொண்ணு ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணோம், ரிசல்ட் சரியில்ல" என்று போன் வந்தால் எந்த அம்மா மறுத்துப் பேசுவார்?

என் கோரிக்கைகள் இவை.

அந்த முகாமை நுகர்வோர் மன்றத்தின் பெயரில் நடத்துவதை நிறுத்துங்கள். நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது மூன்று பிராண்டுகளை ஒரே நாளில் அழைத்து, ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, பதில்களை எழுத்தில் வாங்கிப் பலகையில் ஒட்டுங்கள். அன்று பள்ளி வளாகத்தில் எந்த முன்பதிவும் முன்பணமும் வாங்கக் கூடாது.

பிள்ளைகளிடம் வாங்கிய படிவங்களை எவரிடமும் கொடுக்காமல் பெற்றோரிடமே திருப்பித் தாருங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவற்றை அழித்துவிட்டதாக அந்த விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கி எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

கம்பி இறக்கும் டெமோவைப் பள்ளியில் விற்பனையாளர் யாரும் செய்யக் கூடாது. வேதியியல் ஆசிரியர் செய்யட்டும், உப்புச் சிட்டிகையோடு சேர்த்து.

இலவச இயந்திரம் வாங்குவதென்றால், பள்ளிக் குழாயின் டி.டி.எஸ். என்ன, ஆர்.ஓ. தேவைதானா, அடுத்த ஐந்து வருடம் ஃபில்டர் செலவு யார் பொறுப்பு என்பதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், அந்த 20 நிமிடத்தை மன்றத்துக்கே திருப்பிக் கொடுங்கள். நான்தான் பேச வேண்டும் என்று இல்லை. தொழிலில் இருப்பவன் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயம்தான், ஆசிரியர் ஒருவரே பேசட்டும். என் கணக்குத் தாளையும், ஒரு டி.டி.எஸ். மீட்டரையும், சில எச்2எஸ் பாட்டில்களையும் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் உங்கள் முடிவை அறிவிப்புப் பலகையில் எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை,
கொருக்குப்பேட்டை, சென்னை